பின் சக்கரம் தெரியாத படம்

மாமனார் கதை சொல்ல ஆரம்பித்தால் வீட்டில் எல்லோருக்கும் திடீரென்று வேலை வந்துவிடும். மகன் போனைக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவான்; யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். மாமியார் அடுப்பை அணைக்கப் போவார். அது பற்றவைக்கப்பட்டே இருக்காது. மிஞ்சுவது மருமகள்தான். இந்த வீட்டுக்கு வந்து அதிக நாள் ஆகாததால் தப்பிக்கும் கலை அவளுக்கு இன்னும் கைவரவில்லை. அதனால் மாமனார் சக்கரம் கொடுத்த கதை அவளுக்கு மனப்பாடம்.

கதை இதுதான். மாமனார் இளவட்டமாக இருந்தபோது மூன்று சக்கர டாக்சி ஓட்டினார். ஆட்டோ. சொந்த ஆட்டோ என்பதைக் கதையில் மூன்று இடத்தில் சொல்வார். ஒரு நாள் காலையில் தெருமுனையில் கப்பல் மாதிரி ஒரு பழங்காலக் கார் பின் டயரில் காற்றில்லாமல் நிற்கிறது. உள்ளே கல்லூரிப் பெண் ஒருத்தி. பரீட்சைக்கு நேரமாகிவிட்டது. வண்டிக்காரர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்துவிட்டுப் போக, மாமனார் மட்டும் இறங்கினார். தன் ஆட்டோவின் ஸ்டெப்னியை, அதாவது மாற்றுச் சக்கரத்தை, எடுத்தார். காரில் மாட்டினார். கார் டிரைவரிடம் "நீங்க மெதுவா வீட்டுக்குப் போங்க" என்றார். பெண்ணை ஆட்டோவில் ஏற்றிப் பரீட்சைக்குக் கொண்டுபோய் விட்டார். 

"மறுநாள் என் சக்கரம் திரும்பி வந்துச்சு. கூடவே இவளும் வந்துட்டா" என்று முடிப்பார். சமையலறையிலிருந்து பாத்திரம் ஒன்று கொஞ்சம் சத்தமாக வைக்கப்படும். அதுதான் மாமியாரின் கருத்து.

அவர்கள் இருவரின் கல்யாண நாள் நெருங்கியபோது மாமனாருக்கு ஆசை வந்தது. அந்தக் காட்சி பெரிய படமாகக் கூடத்துச் சுவரில் நிற்க வேண்டும். அதன் முன்னால் நின்று அவர் கதை சொல்ல வேண்டும்.

"அம்மாடி, நீதான் கம்ப்யூட்டர்கிட்ட சொன்னா அது வரைஞ்சு குடுக்குதே. சொல்லேன்."

மருமகளின் வேலை அதுதான். ஒரு சிறிய விளம்பர அலுவலகத்தில், படம் வரையும் எந்திரத்துக்கு வார்த்தையால் கட்டளை எழுதுவது. அதற்கு ப்ராம்ப்ட் என்று பெயர். சொன்னால் வரைந்துவிடும் என்று ஊர் உலகம் நினைத்துக்கொண்டிருக்கிறது. சொன்னதைத் தவிர எல்லாவற்றையும் வரையும் என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒரு டயர் கடை விளம்பரத்தில் அது ஐந்து சக்கரக் கார் போட்டு, அவளும் கவனிக்காமல், பேனர் அச்சாகிக் கடை வாசலில் ஏறிவிட்டது. கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. எல்லாக் காரும் இப்படி வந்தால் தனக்கு வியாபாரம் நல்லது என்றார். முதலாளிதான் கோபித்துக்கொண்டார். அன்றிலிருந்து சக்கரம் என்றால் அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்.

"போட்டுடலாம் மாமா" என்றாள் சுலபமாக.

பிறகுதான் அவள் கணவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான். "பெரிய மாமாவும் வர்றார். அப்பா சக்கரக் கதை சொல்லப் போறார்னு சொன்னேன். 'என்ன சக்கரம்? நான் கேள்விப்பட்டதே இல்லையே, வந்து கேட்கறேன்'னு சொன்னார்."

மாமனாரின் முகத்தில் ஈ ஆடவில்லை.

பெரிய மாமா என்பது மாமியாரின் அண்ணன். மாமனாருக்கு மச்சான். அந்தக் கார் அவர்கள் அப்பாவுடையது. அப்பா காலமானபின் கார் கைமாறிப் போய்விட்டது; மச்சானின் மனசு மட்டும் அதை விட்டு இறங்கவில்லை. பழைய கார்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒரு சினிமாவில் கார் கதவின் கைப்பிடி தப்பான காலத்தைச் சேர்ந்தது என்று பாதிப் படத்தில் எழுந்து வந்தவர். தங்கை ஆட்டோக்காரரைக் கட்டிக்கொண்டதில் அவருக்கு இன்றுவரை வருத்தம். வருவார், நாற்காலியின் நுனியில் உட்காருவார், காபி குடிப்பார், போவார். சண்டை கிடையாது. சண்டை போட்டிருந்தால்கூட மாமனாருக்கு இத்தனை உறுத்தியிருக்காது. அவர் முன்னால் மாமனார் இந்தக் கதையை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை என்பது மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"மச்சான் வரட்டும், நல்லதுதான்" என்றார் மாமனார், தொண்டையைச் செருமிக்கொண்டு. "அம்மாடி, படம் மட்டும் சுத்தமா இருக்கணும். அவர் ஒரு நட்டைக்கூடக் குத்தம் சொல்லக் கூடாது."

மறுநாள் அலுவலகத்தில் உட்கார்ந்து முதல் ப்ராம்ப்ட்டை எழுதினாள். தெருவில் ஒரு பழைய கார், பக்கத்தில் மூன்று சக்கர டாக்சி. எந்திரம் கொஞ்சமும் யோசிக்காமல் நான்கு படம் கொடுத்தது. காருக்கு மூக்கு ஒரு காலம், வால் வேறொரு காலம். ஆட்டோவுக்கு நான்கு சக்கரம், உள்ளே வட்டமான ஸ்டியரிங், ஓட்டுநர் தலையில் தொப்பி.

சரி, மூன்று சக்கரம் என்று அழுத்திச் சொல்லலாம் என்று, மூன்று சக்கரமும் தெரிய வேண்டும் என்று எழுதினாள். தெரிந்தது. பக்கவாட்டில் வண்டி நிற்க, ஒரே பக்கத்தில் வரிசையாக மூன்று சக்கரம். அந்தப் பக்கம் எத்தனை இருக்கிறதோ, அது எந்திரத்துக்கே வெளிச்சம். கடுப்பில், நான்கு சக்கரம் கூடாது என்று எழுதினாள். கூடாது என்ற சொல்லை அது காதில் வாங்கவில்லை. நான்கு என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு, நான்கு சக்கரத்தை இன்னும் பளபளப்பாகப் போட்டது.

எண்ணிக்கையைச் சொல்லிப் பயனில்லை, கண்ணுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதைத்தான் சொல்ல வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும், அவசரத்தில் மறந்திருந்தாள். ஆட்டோவைப் பக்கவாட்டில் பார்த்தால் எப்படியும் மூன்று சக்கரம் ஒழுங்காகத் தெரியாது. எனவே பார்வையை முன்பக்கம் கொண்டுவந்தாள். தாழ்வான கோணம், முன்னாலிருந்து லேசாகச் சாய்வாக. மூக்குக்கு அடியில் நடுவில் ஒரு சின்னச் சக்கரம். பின்னால் அகலமான உடம்பின் இரண்டு ஓரத்திலும் ஒவ்வொன்று, அதே அளவில். ஸ்கூட்டர் மாதிரிக் கைப்பிடி. ஒற்றை விளக்கு. துணிக் கூரை. கொடி வைத்த மீட்டர். இப்போது வந்தது ஆட்டோ ஆட்டோவாகவே இருந்தது. அவள் நாற்காலியிலேயே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டாள்.

காருக்கு மாமியார் ஒரு பழைய போட்டோ கொடுத்திருந்தார். சின்ன வயது மாமியார், காரின் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் படிக்கட்டுப் பலகைமேல் நின்றுகொண்டு சூரியனைப் பார்த்து முகம் சுளிக்கிறார். படத்தில் காரின் முன்பாதிதான் இருந்தது. ஆனால் அது போதும். நெட்டுக்குத்தாக நிற்கும் முன் கம்பிவலை, தனித்தனியாக நிற்கும் இரண்டு பெரிய விளக்குகள், அலைபோல வளைந்து இறங்கும் மட்கார்டு, ஆரக் கம்பிகள் வைத்த ஒல்லிச் சக்கரம். பழைய கார் என்று எழுதினால் எந்திரம் தனக்குத் தெரிந்த எல்லாப் பழசையும் ஒன்றாகக் கலக்கிவிடும். எந்தப் பத்தாண்டு என்று சொல்லி, உறுப்பு உறுப்பாக எழுதி, போட்டோவையும் கூடவே கொடுத்தாள்.

அடுத்த வம்பு ஆரம்பித்தது. காரின் ஆரக் கம்பிகள் ஆட்டோ சக்கரத்துக்கும் தாவிவிட்டன. ஆட்டோ குதிரை இல்லாத குதிரைவண்டி மாதிரி ஆகிவிட்டது. காரின் காலத்தைச் சொன்னதால் தெருவில் எல்லோரும் அந்தக் காலத்துக் கோட்டு மாட்டிக்கொண்டார்கள். மாமனார் ஆட்டோ ஓட்டியபோதே அந்தக் கார் கிழடு. சம்பவம் நடந்தது ஆட்டோவின் காலத்தில். தெரு, கடை, சட்டைக் காலர் எல்லாம் ஆட்டோவின் வயதுக்கு இருக்க வேண்டும். கார் மட்டும் தாத்தா வயதில் நிற்க வேண்டும். இரண்டு வண்டிகளையும் தனித்தனியாக வரையவைத்து, வெளிச்சமும் பார்வை உயரமும் ஒத்துப்போகும்படி ஒரே தெருவில் சேர்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தாள்.

சேர்ப்பதற்கு முன் அளவு தெரிய வேண்டும். அன்று மத்தியானம் மாமனாரே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். "மேற்பார்வை" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டு அவள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆட்டோவைப் பார்த்ததும் கண் விரிந்தது.

"அடேங்கப்பா! என் வண்டிம்மா இது! மீட்டர் மட்டும் இந்தப் பக்கம் இருக்கணும். இல்ல, அந்தப் பக்கம். இரு, நான் உட்கார்ந்து பார்க்கறேன்" என்று கண்ணை மூடிக் காற்றில் கைப்பிடி பிடித்தார். இடது கையைத் திருப்பிக் கியர் மாற்றினார். வாயாலேயே சத்தமும் போட்டார். அடுத்த அறையிலிருந்து முதலாளி எட்டிப் பார்த்தார்.

அவள் திரையில் இரண்டு பெட்டி வரைந்தாள். காருக்கு ஒரு பெட்டி, ஆட்டோவுக்கு ஒரு பெட்டி. இந்த அளவுக்குள் வரை என்று எந்திரத்துக்கு வழிகாட்டும் கோடுகள். கார் ஐந்து பங்கு நீளம் என்றால் ஆட்டோ மூன்று பங்கு. ஆனால் உயரத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. அந்தக் காலத்துக் கார்கள் அப்படித்தான், தலை நிமிர்ந்து உட்காரும் உயரம். பெட்டிகளுக்குள் சக்கரத்துக்கு வட்டம் போட்டாள். காரின் சக்கரம் பெரிய வட்டம். ஆட்டோவின் சக்கரம் அதில் பாதியைக் கொஞ்சம் தாண்டியது.

போட்டுவிட்டு அவள் கை நின்றது. இரண்டு வட்டங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆட்டோவின் வட்டத்தை மவுஸால் பிடித்து இழுத்து, காரின் பின் சக்கரத்துக்கு மேல் வைத்தாள். சாப்பாட்டுத் தட்டின் நடுவில் வைத்த கிண்ணம் மாதிரி உட்கார்ந்தது.

"மாமா."

மாமனார் ஜன்னலுக்கு வெளியே எதையோ ஆர்வமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே ஒரு சுவர்தான் இருந்தது.

"மாமா, இந்தச் சக்கரத்தையா அந்தக் கார்ல மாட்டினீங்க?"

"அதைக் கொஞ்சம் பெருசாக்கேன்."

பெரிதாக்கிக் காட்டினாள். ஆட்டோ வெட்டுக்கிளி மாதிரிக் காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. "சரி, காரோட சக்கரத்தைச் சின்னதாக்கு." ஆக்கிக் காட்டினாள். கார் பின்பக்கம் பள்ளத்தில் விழுந்ததுபோல் சாய்ந்தது. இதைப் பார்த்தால் மச்சான் சிரித்தே உயிரை விட்டுவிடுவார் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றியது.

"நட்டு மாட்டற ஓட்டையே வேற மாமா. போதாததுக்கு, இங்க பாருங்க." போட்டோவைத் திரையில் பெரிதாக்கினாள். முன் மட்கார்டில் ஒரு பள்ளம்; அந்தப் பள்ளத்தில் சின்ன வயது மாமியாரின் முழங்கைக்குப் பக்கத்தில் ஒரு முழுச் சக்கரம் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. "கார்லயே ஸ்டெப்னி இருந்திருக்கு."

"அதுலயும் காத்து இல்லம்மா. அது நிஜம். சத்தியமா நிஜம்."

"அப்போ எது பொய்?"

மாமனார் கையைப் பிசைந்தார்.

"பம்பு" என்றார். "கால் பம்புதான். உங்க அத்தையைப் பரீட்சைக்கு விட்டுட்டுத் திரும்பி வந்து, அந்த டயருக்குக் காத்தடிச்சுக் குடுத்தேன். அவ்வளவுதான். டிரைவர் தேங்க்ஸ்னு சொன்னார்."

"அதுவே நல்லாத்தானே இருக்கு மாமா!"

"என்ன நல்லாருக்கு? காத்தடிச்சவன்! அவங்க வீட்ல கார் நிக்க ஒரு வீடு, பூந்தொட்டிக்கு ஒரு ஆளு. என்கிட்ட என்ன இருந்துச்சு? காத்து! புள்ளைங்க 'அம்மாவை எப்படிப்பா கட்டினே'ன்னு கேட்டப்ப, காத்தைக் குடுத்துக் கட்டினேன்னு சொல்ல வாய் வரலை. ஒரு சக்கரத்தைக் குடுத்தேன்னு சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே மாட்டின மாதிரி ஞாபகம் வந்துடுச்சு." 

மருமகளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த மனுஷரை அவளுக்கு மிகவும் பிடிக்கும். அவர் ரீல் விடுகிறார் என்று தெரிந்த இந்த நிமிடத்தில் இன்னும் கொஞ்சம் பிடித்தது.

"கதையை மாத்திச் சொல்லிடுங்களேன்."

"மச்சான் வர்ற அன்னிக்கா? சொந்தக்காரங்க எல்லாருக்கும் சக்கரம்னுதான் தெரியும். பம்புன்னா உடனே கேட்க மாட்டாங்களா? அவர் எதிர்ல நான் மூக்குடைபடணுமா? அந்த நாற்காலி நுனிக்கும் அப்புறம் அவர் வர மாட்டார்ம்மா." குரல் தாழ்ந்தது. "ஏதாவது பண்ணேன்."

படத்தைத் தப்பாகப் போட முடியாது; மச்சான் கண்டுபிடிப்பார். சரியாகப் போட்டால் படமே மாமனாரைக் காட்டிக்கொடுக்கும். ஐந்து சக்கரக் காருக்குப் பின் அவள் தனக்குத்தானே ஒரு சத்தியம் செய்திருந்தாள், தெரிந்தே தப்பான சக்கரம் போடுவதில்லை என்று. ஆனால் சக்கரத்தைக் காட்டியே ஆக வேண்டும் என்று சத்தியம் எதுவும் செய்யவில்லை.

ஆட்டோவின் பெட்டியைப் பிடித்து மெல்ல நகர்த்தினாள். காரின் பின்பாதிக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள். ஆட்டோவின் மூன்று சக்கரமும் அழகாகத் தெரிந்தன. காரின் இந்தப் பக்கத்து முன் சக்கரம் ஆரக் கம்பிகளோடு தெரிந்தது. பின் சக்கரம் ஆட்டோவுக்குப் பின்னால் மறைந்துவிட்டது.

"தெரியாத சக்கரத்துல தப்பு கண்டுபிடிக்க முடியாது மாமா."

மாமனார் எழுந்து நின்று அவளுக்கு ஒரு சல்யூட் அடித்தார். ஸ்டெப்னியையும் எடுத்துவிடலாமா என்று கேட்டார். அது இல்லாவிட்டால் மச்சான் முதல் பார்வையிலேயே கேட்பார் என்று அவள் மறுத்துவிட்டாள். மட்கார்டில் ஸ்டெப்னி இல்லாத அந்தக் கார், மீசை எடுத்த மச்சான் மாதிரி இருக்கும்.

கல்யாண நாளன்று கூடம் நிறைந்துவிட்டது. சுவரில் படம். வெயிலில் பளபளக்கும் கார், அதன் வாலை மறைத்துக்கொண்டு நிற்கும் ஆட்டோ, ஆட்டோவுக்குப் பக்கத்தில் சட்டைக் கையை மடித்துவிட்ட இளைஞன் ஒருவன், புத்தகத்தை நெஞ்சோடு அணைத்த ஒரு பெண். மருமகள் காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருந்தாள். ஆட்டோவுக்கு மூன்று. காருக்குத் தெரிந்தவரை சரி. விரல்களையும் எண்ணினாள், அவையும் சரி.

மச்சான் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் படத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். கண்ணாடியை எடுத்துத் துடைத்து மாட்டிக்கொண்டு, படத்துக்கு அரையடி தூரத்தில் போய் முகத்தை வைத்தார். விளக்கைப் பார்த்தார். கம்பிவலையைப் பார்த்தார். ஆரக் கம்பிகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனார்.

"எங்க கார்" என்றார். "யாரு போட்டது? ஆட்டோகூட... அளவு சரியா இருக்கே. எல்லாரும் ஆட்டோவைப் பொம்மை மாதிரிப் போடுவாங்க."

மாமனாரின் மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. தைரியம் வந்துவிட்டது. தைரியம் வந்தால் அவருக்கு வாய் நிற்காது. படத்தின் முன் நின்று கதையை ஆரம்பித்தார். அன்றைக்கு என்னவோ வழக்கத்தைவிட நன்றாகவே சொன்னார். சொந்த ஆட்டோ நான்கு இடத்தில் வந்தது. காற்றில்லாத டயர் வந்தது. வேடிக்கை பார்த்த கூட்டம் வந்தது. "நான் இறங்கினேன். என் சக்கரத்தை எடுத்தேன்..."

மச்சான் இன்னும் படத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். விரல் மட்கார்டின்மேல் போய் நின்றது.

"ஒரு நிமிஷம். இதோ ஸ்டெப்னி இருக்கே. எங்க கார்ல எப்பவும் இருக்கும். அப்புறம் உங்க சக்கரம் எதுக்கு?"

மருமகள் ஸ்டெப்னியைப் பார்த்தாள். அந்தச் சக்கரத்தை அத்தனை அழகாகப் போட்டவள் அவள்தான். போட்டோவைப் பார்த்துப் பார்த்து, டயரின் பள்ளங்கள்கூடத் தெரியும்படி. மாமனாரை அவளே கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டுபோய்க் குழியில் தள்ளியதுபோல இருந்தது.

"அதுலயும் காத்து இல்ல மச்சான்" என்றார் மாமனார்.

"ரெண்டுலயும் ஒரே நேரத்துலயா? சரி, இருக்கட்டும். ஆட்டோ சக்கரம் எப்படி அந்தக் கார்ல..." மச்சான் பின் சக்கரத்தைத் தேடினார். ஆட்டோ மறைத்திருந்தது. தலையைச் சாய்த்து ஆட்டோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார், படம் என்பதை மறந்து. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மாமனாரின் காது சிவந்தது. 

"சக்கரம் எல்லாம் மாட்டல அண்ணா" என்றார் மாமியார்.

பின் வரிசையிலிருந்து, கையில் காபித் தட்டோடு. இந்தக் கதைக்கு அவர் வாயால் கருத்துச் சொன்னது இதுதான் முதல் தடவை. கூடமே திரும்பியது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டார்.

"பம்பு வச்சுக் காத்தடிச்சார். டிரைவர் அன்னிக்குச் சாயந்தரமே வந்து சொல்லிட்டார். எனக்கு அப்பவே தெரியும்." தட்டை மேசைமேல் வைத்தார். "இவருக்குத் தெரியாதது ஒண்ணு இருக்கு. காத்தை இறக்கினது யாருன்னு."

"யாரு?" என்றார் மச்சான்.

"நான்தான்."

மாமனார் கண்ணைத் திறந்தார்.

"டிரைவர் தபால் போட இறங்கினார். நானும் இறங்கி, ஹேர்பின்னை எடுத்து வால்வு ஊசியை அமுக்கிப் பிடிச்சேன். புஸ்ஸுனு போயிடுச்சு."

"ஸ்டெப்னி?"

"அதை வீட்லயே இறக்கிட்டேன். ஒண்ணை மட்டும் இறக்கினா டிரைவர் மாத்திப் போட்டுடுவாரே."

மச்சானுக்கு மூச்சு வாங்கியது. "கார்ல பம்பு இருக்குமேம்மா!"

"அதை முந்தின நாளே எடுத்துக் கட்டிலுக்கடியில போட்டுட்டேன்."

"அடிப்பாவி!" மச்சான் நாற்காலியில் உட்கார்ந்தார். நுனியில் அல்ல, முழுசாக, பொத்தென்று. "லீவுக்கு வந்தப்போ அந்தப் பம்பை நான் தேடாத இடம் இல்ல! டிரைவர்தான் தொலைச்சுட்டார்னு அவரை எத்தனை திட்டு திட்டினேன்!" சொல்லிக்கொண்டே வந்தவருக்குச் சிரிப்பு பீறிட்டது. தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு கூடம் முழுக்கப் பரவியது. மருமகளின் கணவன் பால்கனிக்குப் போகாமல் அங்கேயே நின்றான். "எதுக்குடி? பரீட்சைக்குப் போகப் பிடிக்கலையா?" என்று தங்கையைக் கேட்டார் மச்சான்.

"பரீட்சையா? முதல் ஆளா எழுதி முடிச்சேன். இவர் தினமும் அந்த முனையில அந்த நேரத்துக்குத்தான் வருவார். யாராவது வயசானவங்க நின்னா அவரா இறங்கிக் கைகொடுத்து ஏத்திக்குவார். நான் கார் ஜன்னல்லேர்ந்து ரொம்ப நாளா பார்த்துட்டே இருந்தேன். எப்படிப் பேசறதுன்னு தெரியல. காத்தை இறக்கினேன்." மாமியார் இப்போது மாமனாரைப் பார்த்துப் பேசினார். "வேடிக்கை பார்த்துட்டுப் போயிட்டவங்க எல்லாம் உண்மைதான். நீங்க வர்றதுக்குள்ள யாராவது இறங்கி உதவிடுவாங்களோன்னு நான் பயந்த பயம் எனக்குத்தான் தெரியும்."

மருமகள் மாமனாரைப் பார்த்தாள். அவர் படத்தில் இருந்த பெண்ணையும் மாமியாரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடமாக ஒரு சக்கரத்தை இரவல் வாங்கித் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டவர் அவர். தேவையே இருந்திருக்கவில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள், வெட்கப்படவில்லை.

"இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்றார் மாமனார்.

"நீங்க எங்க என்னைப் பேச விட்டீங்க?"

மறுபடி கூடம் சிரித்தது. மாமனாரும் சிரித்தார், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மச்சான் எழுந்து வந்து அவர் தோளில் கையைப் போட்டார். இரண்டு பேரும் சேர்ந்து படத்தைப் பார்த்தார்கள். கார், ஆட்டோ, அந்தப் பெண்.

"அம்மாடி" என்றார் மாமனார் திரும்பாமலே. "இந்த ஆட்டோவைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தணுமே, முடியுமா?"

"எவ்வளவு மாமா?"

"பின் சக்கரம் தெரியற அளவுக்கு. அதுல பொட்டுக் காத்து இருக்கக் கூடாது."